சமய வாதங்களில் போலிகளை இனங்காணல்: மணிமேகலை 29ஆம் காதையின் அளவைமுறையும் முதுகலை மாணவர்க்கான பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

மணிமேகலையின் 29ஆம் காதையான தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை, சமய வாதங்களில் நேரும் குற்றங்களைப் பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என மூவகையாகப் பகுத்து விளக்குகிறது. இப்பகுதி பெரும்பாலும் கலைச்சொற்களின் பட்டியலாகவே கற்பிக்கப்படுகிறது. அதனை, சமயம் குறித்த எந்தவொரு வாதத்தையும் சோதிக்கும் கருவியாகக் கையாள இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. காதை கூறும் போலிகளுள் ஏதுப்போலியின் மூன்று வகைகள் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, அவற்றிலிருந்து நான்கு வினாக்கள் கொண்ட பயிற்சி ஒன்று வகுக்கப்படுகிறது. உலகிற்குப் படைத்தோன் உண்டு என நிறுவும் நியாய மரபினரின் வாதம் அப்பயிற்சிக்கு உட்படுத்தப்படுகிறது. ஒரு வாதம் போலி எனக் காட்டுவது அவ்வாதத்தின் முடிவைப் பொய்யாக்குவதாகாது என்னும் வரையறை கட்டுரையின் இறுதியில் வலியுறுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, அளவையியல், ஏதுப்போலி, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம், சமய வாதம்

முன்னுரை

மணிமேகலையின் 30 காதைகளுள் இரண்டு, சமய வாதத்தை நேரடியாகப் பொருளாகக் கொண்டவை. 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரையுள்ள சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கிறாள். 29ஆம் காதையில் காஞ்சி நகரில் அறவண அடிகள் அவளுக்கு அளவைநெறியைக் கற்பிக்கிறார். முன்னதில் கொள்கைகள் அடுக்கப்படுகின்றன. பின்னதில் கொள்கைகளைச் சோதிக்கும் முறை தரப்படுகிறது. கொள்கைகளைக் கேட்டு முடித்த பின்னரே முறை கற்பிக்கப்படுகிறது என்னும் இவ்வரிசை கருதத்தக்கது.

உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த பின்னர், 29ஆம் காதை ஆய்வாளர்களின் கவனத்தைக் காலவரையறை நோக்கில் ஈர்த்தது. காதையில் இடம்பெறும் போலிகளின் பகுப்பு, சங்கரசுவாமி இயற்றிய நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலின் பகுப்போடு பெரிதும் ஒத்துச்செல்கிறது. இவ்வொப்புமையைக் கொண்டு, காப்பியம் திக்நாகருக்கு முற்பட்டதா பிற்பட்டதா என்னும் விவாதம் நீண்டது. அவ்விவாதத்தின் நிழலில், இப்பகுதி எதற்குப் பயன்படுகிறது என்னும் வினா பின்தங்கியது. கலைச்சொற்களை மனனம் செய்து தேர்வில் எழுதும் மாணவர், அன்றாடம் கேட்கும் ஒரு சமய வாதத்தில் அச்சொற்கள் எங்கே பொருந்தும் எனக் கேட்டால் தடுமாற நேர்கிறது. அவ்விடைவெளியை நிரப்பும் நோக்கில் இக்கட்டுரை அமைகிறது.

1. காதை தரும் வாதக் கட்டமைப்பு

அறவண அடிகளின் விளக்கத்தில் அளவைகள் இரண்டே: காட்சியும் கருத்தும். ஏனைய அளவைகள் கருத்தளவையுள் அடங்கும். கருத்தளவை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளால் உரைக்கப்படுவது. அவற்றுள் இறுதி இரண்டும் திட்டாந்தத்துள் அடங்குவதால் முதல் மூன்றே இன்றியமையாதவை.

இதனை வழக்கமான எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘இம்மலை நெருப்புடையது’ என்பது பக்கம். நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. ‘புகையுடைமையால்’ என்பது ஏது. ‘அடுக்களை போல’ என்பது எடுத்துக்காட்டு. பக்கத்தில் மலை என்பது தன்மி. நெருப்புடைமை என்பது நிறுவப்படும் தன்மம். நெருப்புடைமை உள்ள பிற இடங்கள் சபக்கம்; இல்லாத இடங்கள் விபக்கம். அடுக்களை சபக்கத்திற்கும் நீர்நிலை விபக்கத்திற்கும் சான்றாவன.

நல்ல ஏதுவிற்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. அது பக்கத்தில் இருத்தல் வேண்டும்; சபக்கத்தில் இருத்தல் வேண்டும்; விபக்கத்தில் இல்லாதிருத்தல் வேண்டும். இம்மூன்றில் எது தவறினும் ஏது போலியாகிறது. பக்கத்தில் இருத்தல் ஐயத்திற்கு இடமானால் அசித்தம். பெரும்பாலும் விபக்கத்திலும் சென்று தங்குவதால், ஒருதலையாகத் துணிய இயலாமல் போனால் அநைகாந்திகம். கருதியதற்கு மாறானதை நிறுவினால் விருத்தம். காதை பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப்போலி பத்து என 33 போலிகளைத் தருகிறது. ஏதுப்போலி பதினான்கும் அசித்தம் நான்கு, அநைகாந்திகம் ஆறு, விருத்தம் நான்கு எனப் பிரியும். பயிற்சி நோக்கில் இம்மூன்று தலைப்புகளும் போதுமானவை.

2. எதிரி ஏற்காத ஏது: அசித்தம்

அசித்தத்தின் நான்கு வகைகளுள் சமய வாதத்திற்கு மிக அணுக்கமானது அன்னியதராசித்தம். ஏது வாதிக்கு உடன்பாடாக இருந்தும் எதிரிக்கு உடன்பாடு அன்றெனில் அது இக்குற்றத்திற்கு உள்ளாகிறது. இருவர்க்குமே உடன்பாடு இல்லாத ஏது உபயாசித்தம். ஒலியைக் கண்ணால் காணப்படுவது எனக் கூறி அதன் அழிவை நிறுவ முயல்வது அதற்குச் சான்று. உபயாசித்தத்தை எவரும் எளிதில் காண்பர். அன்னியதராசித்தமோ வாதியின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஏனெனில் அவனளவில் ஏது ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

காதை இவ்வகைக்குத் தரும் சான்று நுட்பமானது. ஒலி நிலையற்றது, செய்யப்படுதலால், குடம் போல என்பது பௌத்தரின் முன்மாதிரி வாதம். காதையில் முறையான வாதத்திற்கு உதாரணமாக வருவதும் இதுவே. ஆனால் இதே ஏதுவைச் சாங்கியனிடம் உரைத்தால் அது அசித்தமாகிறது என்று காதை கூறுகிறது. சாங்கியனின் கொள்கைப்படி எப்பொருளும் புதிதாகச் செய்யப்படுவதில்லை. காரணத்துள் உள்ளதே வெளிப்படுகிறது. ஆகவே ‘செய்யப்படுதல்’ என்பதே அவனிடத்தில் நிறுவப்பட வேண்டியதாகிறது. தன் சமயத்தின் முன்மாதிரி வாதத்தையே, கேட்பவன் மாறும்போது போலியாகும் எனக் காப்பியம் எடுத்துக்காட்டுகிறது. பக்கப்போலிகளை விளக்குமிடத்தும் சாங்கியனிடம் ஒலி அழிவது எனக் கூறிப் பிழைபடுபவனாகப் பௌத்தனே காட்டப்படுகிறான். பிழை பிற சமயத்தார்க்கே உரியது என்னும் எண்ணம் காதையில் இல்லை.

இதிலிருந்து பெறப்படும் கருத்து ஒன்றுண்டு. இவ்வளவைமுறையில் ஏதுவின் குற்றம், கூற்றின் உண்மையை மட்டும் பொறுத்ததன்று. அது யாரிடம் உரைக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது. தன் மறைநூலை ஏற்றுக்கொண்டவரிடம் அந்நூலைச் சான்றாகக் காட்டுவது குற்றமாகாது. ஒரே சமயத்தின் இரு பிரிவினர் தம்முள் வாதிடும்போது பொதுநூலை முன்வைப்பது முறையே ஆகும். அந்நூலை ஏற்காதவரிடம் அதே சான்றைக் காட்டும்போதுதான் அது அன்னியதராசித்தமாகிறது. ‘மறைநூலைச் சான்று காட்டுவது பகுத்தறிவுக்குப் புறம்பானது’ என்று பொதுப்படையாக எழுதும் மாணவரும், ‘நூலில் உள்ளதால் அதற்குமேல் வினா இல்லை’ என்று எழுதும் மாணவரும் ஒரே வினாவைத் தவறவிடுகின்றனர்: கேட்பவர் யார்?

3. இருபுறமும் செல்லும் ஏது: அநைகாந்திகம்

அநைகாந்திகத்தின் ஆறு வகைகளுள் முதலாவது சாதாரணம். ஏது சபக்கத்திலும் விபக்கத்திலும் ஒருசேர இருப்பது இதன் இலக்கணம். ஒலி அறியப்படுவதால் நிலையற்றது என்றால், நிலையற்ற குடமும் அறியப்படுகிறது, நிலைத்ததாகக் கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுகிறது. ஆகவே அறியப்படுதல் எந்த முடிவையும் தாங்குவதில்லை.

சமய வாதங்களில் இக்குற்றம் இரு தரப்பிலும் காணப்படுகிறது. ‘இச்சமயம் மெய்யானது, கோடிக்கணக்கானோர் பின்பற்றுவதால்’ என்பது ஒரு தரப்பு. ஒன்றோடொன்று முரண்படும் கொள்கைகளையுடைய பல சமயங்கள் கோடிக்கணக்கானோரால் பின்பற்றப்படுகின்றன. முரண்படும் இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாமையின், பெருந்தொகையினரால் பின்பற்றப்படுதல் மெய்யல்லாததன்கண்ணும் இருக்கிறது. ஏது விபக்கத்திலும் சென்றது. ‘கடவுள் நம்பிக்கை பொய்யானது, அச்சத்தால் தோன்றியதால்’ என்பது மறுதரப்பு. அச்சத்தால் தோன்றும் நம்பிக்கைகள் யாவும் பொய்யாக இருப்பின் இவ்வாதம் நிற்கும். ஆனால் இருளில் நடந்த ஒருவன் அஞ்சியமையால் புதரில் பாம்பு இருப்பதாக நம்ப, அங்குப் பாம்பு இருந்ததும் உண்டு. நம்பிக்கை தோன்றிய காரணம் அந்நம்பிக்கையின் மெய்ம்மையைத் தீர்மானிப்பதில்லை.

மீமாம்சகர் மரபில் வழங்கும் ஒரு வாதமும் இங்கு எண்ணத்தக்கது. வேதம் எவராலும் இயற்றப்படாதது, இயற்றியவர் நினைக்கப்படாமையால் என்பது அவ்வாதத்தின் சுருக்கம். இதனைச் சோதிக்கும் மாணவர் தேட வேண்டியது ஒரு விபக்கச் சான்று: மனிதரால் இயற்றப்பட்டும் இயற்றியவர் நினைக்கப்படாத ஒன்று. பழமொழியும் விடுகதையும் தாலாட்டும் அத்தகையன. எவரோ ஒருவர் வாயில் முதலில் பிறந்தவை அவை. அவர் யாரென எவரும் அறியார். மீமாம்சகர் இதற்கு விடையாக, இடையறாத ஓதல் மரபு வேதத்திற்கே உரிய சிறப்பு எனக் கூறக்கூடும். அவ்வாறாயின் ஏது மாறிவிட்டது. ‘இயற்றியவர் நினைக்கப்படாமை’ என்னும் பழைய ஏது கைவிடப்பட்டு, ‘இடையறாத ஓதல் மரபில் இயற்றியவர் நினைக்கப்படாமை’ என்னும் புதிய ஏது வந்துள்ளது. புதியதை முதலிலிருந்து சோதித்தல் வேண்டும். பழையதன் தோல்வியைப் புதியதன்மீது ஏற்றுதல் கூடாது.

4. கருதியதைக் கவிழ்க்கும் ஏது: விருத்தம்

விருத்தத்தின் வகைகளுள் தன்ம விசேட விபரீத சாதனம் என்பது நுட்பமானது. ஏது பொதுநிலையில் கூற்றை நிறுவினும், வாதி உள்ளத்தில் கருதிய சிறப்புப் பண்பிற்கு மாறானதையே நிறுவுவது இது. காதை தரும் சான்று சாங்கியர் உயிரின் இருப்பை நிறுவ எடுத்துரைக்கும் வாதமாகும். கண் முதலிய பொறிகள் பிறிதொன்றின் பொருட்டு உள்ளன; பல கூறுகளின் தொகுதியாக இருத்தலால்; படுக்கையும் இருக்கையும் போல. கட்டில் தனக்காக இருப்பதில்லை, உறங்குபவனுக்காக இருக்கிறது. அவ்வாறே தொகுதியான பொறிகளும் பிறிதொன்றுக்காக இருத்தல் வேண்டும். அப்பிறிதொன்றே உயிர் என்பது சாங்கியர் கருத்து.

சாங்கியர் கருதும் உயிர் தொகுதி அன்று, கூறுகள் அற்றது. கட்டில் யாருக்காக உள்ளதோ அவனோ கை, கால், தலை முதலிய கூறுகள் சேர்ந்த உடலுடையவன். எடுத்துக்காட்டு நிறுவுவது தொகுதியான ஒன்றையே. ஆகவே ஏது, வாதி விரும்பிய கூறற்ற உயிருக்கு மாறாகக் கூறுடைய ஒன்றையே தருகிறது.

இவ்வாதம் சாங்கிய காரிகையின் 17ஆம் காரிகையில் இடம்பெறுகிறது. அதற்கு உரைகண்ட வாசஸ்பதி மிச்ரர் இம்மறுப்பை எதிர்கொள்கிறார். தொகுதி பிறிதொரு தொகுதிக்காக எனின், அதுவும் மற்றொரு தொகுதிக்காக எனச் சென்றுகொண்டே இருக்கும். அம்முடிவின்மையைத் தவிர்க்கக் கூறற்ற ஒன்றில் நிற்றல் வேண்டும் என்பது அவர் விடை. இது மேற்குறித்த எடுத்துக்காட்டு வாதத்தினின்றும் வேறான ஒரு வாதம். போலி என்னும் தீர்ப்பு ஒரு குறிப்பிட்ட ஏதுவின்மீது வழங்கப்படுவது; அது விவாதத்தை முடித்துவைப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

5. பயிற்சி: நான்கு வினாக்கள்

மேற்கண்ட மூன்று குற்றங்களிலிருந்து முதுகலை மாணவர்க்கு உரிய பயிற்சி பின்வருமாறு வகுக்கப்படுகிறது. மாணவரிடம் உரைநடையில் அமைந்த ஒரு சமய வாதம் தரப்படும். அவர் நான்கு வினாக்களுக்கு வரிசையாக விடையெழுதுவார். முதல் வினா: இவ்வாதத்தின் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு யாவை? இரண்டாம் வினா: இந்த ஏது பக்கத்தில் இருப்பதை வாதியும் எதிரியும் ஒருங்கே ஏற்பரா? மூன்றாம் வினா: ஏது இருந்தும் நிறுவப்படும் தன்மம் இல்லாத ஓர் இடம் உண்டா? நான்காம் வினா: எடுத்துக்காட்டு நிறுவுவது வாதி கருதியதையா, அதன் சிறப்புப் பண்புக்கு மாறானதையா?

இவற்றை ஒரு முழு வாதத்தில் பொருத்திக் காணலாம். நியாய மரபினர் இறைவனின் இருப்பை நிறுவ உரைக்கும் வாதம் உரைநடையில் இவ்வாறு அமையும்: ‘குடத்தைக் கண்டால் குயவன் ஒருவன் உண்டென அறிகிறோம். மலையும் கடலும் அடங்கிய இவ்வுலகமும் ஆக்கப்பட்டதே. ஆகவே அறிவுடைய ஆக்குநன் ஒருவன் இதற்கும் உண்டு.’

முதல் வினாவிற்கு விடை: ‘உலகம் அறிவுடைய ஆக்குநனை உடையது’ என்பது பக்கம். ‘ஆக்கப்பட்டதாதலால்’ என்பது ஏது. ‘குடம் போல’ என்பது எடுத்துக்காட்டு. உரைநடையில் எடுத்துக்காட்டு முன்னும் முடிவு பின்னுமாக அமைந்திருப்பதால், கூறுகளைப் பிரித்தெழுதும் இப்படியே பயிற்சியின் கடினமான பகுதியாகும்.

இரண்டாம் வினாவிற்கு விடை எதிரியைப் பொறுத்து மாறும். உலகம் முழுமையும் ஒரு காலத்தில் ஆக்கப்பட்டது என்பதை மீமாம்சகர் ஏற்பதில்லை. தனிப்பொருள்கள் தோன்றி அழியினும் உலகம் என்றும் இவ்வாறே உள்ளது என்பது அவர் கொள்கை. சமணரும் உலகைத் தோற்றமற்றதாகக் கொள்வர். இவர்களிடம் உரைக்கும்போது ஏது அன்னியதராசித்தமாகிறது. உலகம் தோன்றியது என ஏற்கும் ஒருவரிடம் உரைக்கும்போது இக்குற்றம் இல்லை. அங்கு மூன்றாம் வினாவிற்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் வினாவில் மாணவர் எளிதில் வழுக்குவர். ‘காட்டில் தானே முளைத்த செடி ஆக்கப்பட்டது, ஆனால் அதற்கு ஆக்குநன் இல்லை’ என விபக்கச் சான்று காட்டத் தோன்றும். அச்செடி பக்கத்துள் அடங்கிய உலகின் ஒரு பகுதியே. அதற்கு ஆக்குநன் உண்டா இல்லையா என்பதே வழக்கில் உள்ள பொருள். வழக்கில் உள்ளதையே விபக்கமாகக் காட்டுவது, எதிரி ஏற்காததைச் சான்றாக்குவதாகும். மறுப்பவரும் அன்னியதராசித்தத்தை ஒத்த பிழையில் விழக்கூடும் என்பதை இப்படி தெளிவாக்குகிறது. நேர்மையான விடை, பக்கத்திற்கு வெளியே இருதரப்பும் ஏற்கும் விபக்கச் சான்று கிடைத்தல் அரிது என்பதே. ஏனெனில் இங்குப் பக்கம் ஏறத்தாழ அனைத்தையும் விழுங்கிவிட்டது.

நான்காம் வினாவில்தான் வாதத்தின் வலுக்குறைவு வெளிப்படுகிறது. குடத்தை ஆக்கியவன் உடலுடையவன், வரம்புபட்ட ஆற்றலுடையவன், முன்பே உள்ள மண்ணைக் கொண்டு செய்பவன், ஒருவனாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை, மாளிகையைப் பலர் கூடி எழுப்புவர். நியாய மரபினர் கருதுவதோ உடலற்ற, எல்லாம் அறிந்த, ஒருவனாகிய இறைவனை. எடுத்துக்காட்டு தாங்கும் அளவுக்கு நிறுவினால் கருதியதற்கு மாறான ஆக்குநனே கிடைக்கிறான். ஆகவே வாதம் தன்ம விசேட விபரீத சாதனம் என்னும் குற்றச்சாட்டிற்கு உள்ளாகிறது.

இம்மறுப்பை எழுப்பியவர்கள் கடவுள் மறுப்பாளர் மட்டுமல்லர். இராமாநுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம் முதற்பாதத்து மூன்றாம் சூத்திரத்திற்கு உரை காணுமிடத்தில், அனுமானத்தால் இறைவனை நிறுவ இயலாது என விரிவாக வாதிடுகிறார். உலகை ஆக்கியவன் ஒருவனே என்பதும் உடலற்றவன் என்பதும் அனுமானத்தால் பெறப்படா. மறைநூலே அதற்குச் சான்று என்பது அவர் துணிபு. ஒரு வாதத்தைப் போலி எனக் காட்டுபவர் அதன் முடிவை மறுப்பவராகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தை இச்சான்று அகற்றுகிறது. பல சமயத்தைச் சேர்ந்தவரும் எச்சமயத்தையும் சேராதவரும் ஒருங்கே அமரும் வகுப்பறையில் இது முதன்மையான செய்தி.

6. ஏது மறைந்து நிற்கும் வாதங்கள்

நான்கு வினாக்களும் முதல் வினாவின் விடையைச் சார்ந்தவை. ஏதுவைத் தவறாகப் பிரித்தெழுதினால் குற்றத்தின் பெயரும் தவறும். ‘இந்நூல் இறைவன் அருளியது என நூலே கூறுகிறது, ஆகவே இது இறைவன் அருளியது’ என்னும் வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். இதனை வட்டமாகச் சுழலும் வாதம் எனச் சொல்லி நிறுத்துவது வழக்கம். அளவைமுறையில் இரு வாசிப்புகள் தோன்றுகின்றன.

‘நூல் தன்னை அவ்வாறு கூறிக்கொள்வதால்’ என்பது ஏதுவாயின், அது அசித்தம் அன்று. நூலில் அக்கூற்று இருப்பதை மறுப்பவரும் ஏற்பர். ஆனால் ஒன்றையொன்று மறுக்கும் பல நூல்கள் அவ்வாறே கூறிக்கொள்வதால் ஏது சாதாரணமாகிறது. ‘பொய்யுரைக்காத நூல் அவ்வாறு கூறுவதால்’ என்பது ஏதுவாயின், அது இருபுறமும் செல்வதில்லை. பொய்யுரைக்காத நூல் கூறுவது மெய்யாகவே இருக்கும். அங்குக் குற்றம் வேறிடத்தில் உள்ளது: பொய்யுரைக்காத நூல் என்பதை எதிரி ஏற்கவில்லை. ஆகவே அது அன்னியதராசித்தம். ஒரே உரைநடை வாக்கியம், மறைந்து நிற்கும் ஏதுவைப் பொறுத்து இருவேறு குற்றங்களுக்கு உள்ளாகிறது. விடைத்தாளில் மாணவர் எந்த வாசிப்பை மேற்கொண்டார் என எழுதியிருந்தாலன்றிக் குற்றத்தின் பெயரை மட்டும் கொண்டு மதிப்பெண் வழங்குதல் பொருந்தாது.

இதனோடு இணைத்து மதிப்பீட்டிற்கு ஒரு விதி கூறலாம். சாதாரணம் என எழுதும் மாணவர் விபக்கச் சான்று ஒன்றேனும் தருதல் வேண்டும். அன்னியதராசித்தம் என எழுதுபவர், ஏற்காத எதிரி யார் எனவும் அவர் எக்கொள்கையால் ஏற்கவில்லை எனவும் கூறுதல் வேண்டும். விருத்தம் என எழுதுபவர், வாதி கருதிய பண்பையும் எடுத்துக்காட்டு தரும் பண்பையும் அருகருகே வைத்துக் காட்டுதல் வேண்டும். இவை இல்லாத இடத்துக் குற்றப்பெயர் வெறும் வசைச்சொல்லாகவே நிற்கும்.

7. முறையின் எல்லை

27ஆம் காதையில் பூதவாதியோடு மணிமேகலை நிகழ்த்தும் சிறு உரையாடல் இம்முறையின் எல்லையைக் காட்டுகிறது. காட்சி ஒன்றே அளவை, இப்பிறப்பே உள்ளது, மறுபிறப்பென்பது பொய் என்பது பூதவாதியின் நிலை. தன் முற்பிறப்பை அறிந்தவளாகிய மணிமேகலை நகைக்கிறாள். அத்தகைய உணர்வு தெய்வ மயக்காலோ கனவாலோ நேர்ந்த திரிபாகலாம் என அவன் கூற, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என அவள் வினவுகிறாள்.

இவ்வினா வலுவானது. தன் பிறப்பை எவரும் தாமே கண்டதில்லை. பெற்றோர் இன்னார் என்பதைக் காட்சி மட்டும் கொண்டு அறிய இயலாது. காட்சி ஒன்றே அளவை என்னும் கொள்கையை அவனது அன்றாட அறிவே மறுக்கிறது. மேலும், மயக்காலோ கனவாலோ நேர்ந்தது என அவன் கூறும் விளக்கமும் அனுமானமே. தன் கூற்றைத் தானே மறுப்பதாகிய சுவசன விருத்தத்திற்கு நெருங்கிய குற்றம் அவனிடம் உள்ளது.

எனினும் இவ்வினா நிறுவுவது எவ்வளவு? அனுமானத்தை முற்றாக விலக்குதல் இயலாது என்பதை மட்டுமே அது நிறுவுகிறது. முற்பிறப்பு உண்டு என்பதையோ, மணிமேகலையின் நினைவு திரிபற்றது என்பதையோ அது தனியாக நிறுவவில்லை. காப்பியத்துள் அவளது அறிவு கதை நிகழ்ச்சியால் உறுதிப்பட்டது; காப்பியத்திற்கு வெளியே நிற்கும் எதிரிக்கு அது அசித்தம். வாதத்தில் வென்றவரின் கொள்கை முழுமையும் வென்றதாகக் கொள்வது சமயப் பூசல்களில் பெரிதும் நேரும் மயக்கம். காப்பியத்தலைவியின் பக்கம் நிற்க விரும்பும் வாசகரும் இம்மயக்கத்தினின்று விலகி நிற்றல் வேண்டும்.

மற்றொரு எல்லையும் உண்டு. காதையின் பகுப்பு ஏதுவின் குற்றங்களைப் பற்றியது. வாதிடுபவரின் நடத்தைக் குற்றங்களைப் பற்றியதன்று. சொல்லைத் திரித்துப் பொருள்கொள்ளும் சலத்தையும் வாதத்தில் தோல்வியுறும் இடங்களையும் கௌதமரின் நியாய சூத்திரம் தனியே வகுக்கிறது. ‘இவர் கூறுவது பொய், இவர் ஒழுக்கம் குன்றியவர் ஆதலால்’ என்பதைக் காதையின் முறையில் சாதாரணம் எனக் காட்ட இயலும். ஒழுக்கம் குன்றியவரும் மெய்யுரைப்பது உண்டு. ஆனால் ‘அன்பு’, ‘தருமம்’, ‘உயிர்’ போன்ற சொற்களை ஒரு வாதத்துள்ளேயே இருபொருளில் ஆளும் குற்றத்தைக் கண்டறிய நான்கு வினாக்கள் மட்டும் போதா. அதற்குச் சொற்பொருள் வரையறை முன்னதாகச் செய்யப்படுதல் வேண்டும்.

முடிவுரை

மணிமேகலை 29ஆம் காதையின் போலிப் பகுப்பு சமய வாதங்களைச் சோதிக்கும் முறையாக இன்றும் கையாளத்தக்கது. அதன் தனித்தன்மை இரண்டு. முதலாவது, ஏதுவின் தகுதியை எதிரியின் உடன்பாட்டோடு இணைத்துக் காண்பது. இதனால் தன் சமயத்தின் முன்மாதிரி வாதமும் சோதனைக்கு உட்படுகிறது. இரண்டாவது, குற்றத்தைக் கூறும்போது அதற்குரிய சான்றையும் உடன் காட்டுவது. இதனால் போலி என்னும் சொல் வசையாகாமல் ஆய்வுமுடிவாகிறது.

உலகிற்கு ஆக்குநன் உண்டு என்னும் வாதத்தைச் சோதித்தவிடத்து, அது மீமாம்சகரிடமும் சமணரிடமும் அசித்தமாவதும், ஏனையோரிடம் விருத்தக் குற்றச்சாட்டிற்கு உள்ளாவதும் காட்டப்பட்டன. அதே மறுப்பை இறைப்பற்றுடைய இராமாநுசரும் எழுப்பியமை, வாதத்தின் வீழ்ச்சி முடிவின் வீழ்ச்சி அன்று என்பதை உறுதிப்படுத்துகிறது. அவ்வாறே அச்சத்திலிருந்து தோன்றியதால் கடவுள் நம்பிக்கை பொய் என்னும் வாதம் வீழ்ந்தமை, கடவுள் உண்டு என்பதற்குச் சான்றாகாது. பயிற்சியில் ஒரு சமயத்தை ஆதரிக்கும் வாதமும் அதை மறுக்கும் வாதமும் இணையாகவே தரப்படுதல் வேண்டும். தான் ஏற்கும் முடிவுக்கு உரைக்கப்பட்ட போலியை மாணவர் இனங்கண்டு எழுதிய விடையே இம்முறை கைவந்தமைக்கு உரிய அளவுகோலாகும்.